படைப்புழுப் பூஞ்சைக்கு ஒரு அலர்ட்: கூகுள் ஸ்காலரில் என் தேடலைச் சரிசெய்த கதை

என் ஆய்வு மக்காச்சோளப் படைப்புழுவைத் தாக்கும் ஒரு பூஞ்சை பற்றியது. மழை விட்ட பிறகு வயலுக்குப் போனால் இலையின் மேல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு விறைத்துக் கிடக்கும் புழுக்களைப் பார்க்கலாம். முதலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். இரண்டு மூன்று நாளில் அந்த வெள்ளையின் மேல் வெளிர்பச்சைத் தூள் படியும். விரலால் தொட்டால் சாக்பீஸ் தூள் போல ஒட்டும். அந்தத் தூள்தான் மெட்டாரைசியம் ரிலேயி என்ற பூஞ்சையின் வித்துகள்.

ரிவ்யூ அத்தியாயத்தை எழுதி என் வழிகாட்டி மேடத்திடம் கொடுத்தபோது, தேடலை நன்றாக முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். கூகுள் ஸ்காலரில் பூஞ்சையின் பெயரையும் புழுவின் பெயரையும் போட்டு, வந்ததையெல்லாம் இறக்கி, படித்து, எழுதியிருந்தேன். மேடம் நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "இதுல தார்வாட் வேலையே இல்லையேம்மா. நொமூரியான்னு தேடிப் பார்த்தியா?" என்று கேட்டார்.

தேடவில்லை. இந்தப் பூஞ்சைக்கு நெடுங்காலம் நொமூரியா ரிலேயி என்றுதான் பெயர். 2014-இல் கெப்லரும் உடன் பணியாற்றியவர்களும் மரபணு ஒப்பீட்டை வைத்து இதை மெட்டாரைசியம் பேரினத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் பெயர் மாறிய மறுநாளே எல்லோரும் புதுப் பெயருக்கு மாறிவிடுவதில்லை. கர்நாடகத்தின் தார்வாடிலிருந்து மல்லாபூர் குழு 2018-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே நொமூரியா ரிலேயி என்றுதான் இருக்கிறது. படைப்புழு இந்தியாவுக்கு வந்ததாகக் கர்நாடகத்திலிருந்து அறிவிக்கப்பட்டதும் அதே 2018-இல்தான். அதாவது இந்தப் புழு மேல் இந்தப் பூஞ்சையை நம் பக்கத்தில் முதன்முதலில் சோதித்த வேலைகளில் ஒன்றையே விட்டுவிட்டேன். தேடலை மறுபடி அடியிலிருந்து கட்டினேன். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்து மாதம் இருந்தது. அதுவரை வெளிவருவதும் தவறக் கூடாது என்பதால் அலர்ட்டுகளையும் சேர்த்தே கட்ட வேண்டியிருந்தது.

முதலில் தேடல் சொற்கள். அலர்ட் என்பது ஒரு தேடலை ஸ்காலர் நமக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டி, புதிதாக வருவதை மடலில் அனுப்புவதுதான். சொற்கள் தவறாக இருந்தால் அந்தத் தவறும் மாதக்கணக்கில் ஓடும். என் முதல் அவசரத்தில் புழுவின் அறிவியல் பெயரை மட்டும் போட்டு ஒரு அலர்ட் வைத்தேன். முதல் மடலைத் திறந்தால் புரத உற்பத்தி, தடுப்பூசி, ஏற்பி அமைப்பு என்று மருத்துவ உயிர்வேதியியல் கட்டுரைகள். காரணம் பூச்சியியல்காரர்களுக்குத் தெரிந்ததுதான்: ஆய்வகங்களில் புரதம் தயாரிக்கப் பயன்படும் எஸ்எஃப்9 செல்வரிசை இந்தப் புழுவின் கூட்டுப்புழுச் சினைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் செய்முறைப் பகுதியில் புழுவின் முழுப்பெயரை ஒரு தடவையாவது எழுதும். ஸ்காலர் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, கிடைத்தால் முழு உரையையும் பார்க்கிறது. அதனால் அவையெல்லாம் வந்து விழுந்தன.

கழித்தல் குறி போட்டு அவற்றை விலக்கலாம். இங்கே ஒரு இடறல் இருக்கிறது. அந்தச் செல்களில் புரதம் தயாரிக்கப் பாகுலோவைரஸைப் பயன்படுத்துவதால், `-baculovirus` என்று போட்டால் கூட்டம் சட்டென்று குறையும். நானும் போட்டேன், குறைந்தது. ஆனால் வயலில் படைப்புழுவைக் கொல்லும் என்பிவி வைரஸும் ஒரு பாகுலோவைரஸ்தான். பூஞ்சையையும் வைரஸையும் சேர்த்துப் பேசும் உயிரியல் கட்டுப்பாட்டுக் கட்டுரைகள் எல்லாம் அதோடு சேர்ந்து போய்விட்டன. விலக்குச் சொல் முழு உரையிலும் வேலை செய்யும் என்பதை மறந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு ஓரத்தில் ஒரே தடவை வந்தாலும் அந்தக் கட்டுரை காணாமல் போகும். கடைசியில் செல்வரிசையின் பெயரை மட்டும் விலக்கினேன். அப்போது நான் அமைத்த இரண்டு தேடல்கள் இவை:

```
"Spodoptera frugiperda" "Metarhizium rileyi" OR "Nomuraea rileyi"
"Spodoptera frugiperda" OR "fall armyworm" maize entomopathogenic -Sf9
```

முதலாவது குறுகியது. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டில் எது இருந்தாலும் பிடிக்கும். `OR` பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது அகலமானது. பூஞ்சையின் பெயர் சுருக்கத்திலோ தலைப்பிலோ வராமல், 'பூச்சிகொல்லிப் பூஞ்சைகள்' என்று பொதுவாகப் பேசும் கட்டுரைகளுக்காக அதை வைத்தேன். இரண்டையும் ஒரே தேடலாகத் திணிக்கப் பார்க்காதீர்கள். தேடல் பெட்டிக்கு 256 எழுத்துதான் எல்லை. அதோடு, எந்தச் சொல் எதைப் பிடித்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

அலர்ட் வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். இதைச் செய்யாமல் யாரும் அலர்ட் வைக்க வேண்டாம் என்பேன். இந்தத் தலைப்பில் கட்டாயம் கிடைக்க வேண்டியவை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த பன்னிரண்டு கட்டுரைகளை ஒரு தாளில் எழுதினேன். பிறகு முதல் தேடலை ஓட்டி, பன்னிரண்டில் எத்தனை வருகிறது என்று பார்த்தேன். பத்து வந்தன. வராத இரண்டையும் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இரண்டிலும் முழு உரை சந்தாவுக்குள் இருந்தது, சுருக்கத்தில் பூஞ்சையின் பெயர் இல்லை. இரண்டாவது தேடல் அவற்றில் ஒன்றைப் பிடித்தது. மற்றது எந்தச் சொல்லாலும் சிக்கவில்லை. அப்படிப்பட்டவற்றுக்குத்தான் மேற்கோள் வழி.

ஒவ்வொரு முடிவுக்கும் கீழே இருக்கும் `Cited by` என்பதை அழுத்தினால், அந்தக் கட்டுரையைப் பின்னால் மேற்கோள் காட்டியவை வரும். இதில் எந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குகிறோம் என்பதுதான் எல்லாம். நான் முதலில் மிகப் பெரியதை எடுத்தேன். படைப்புழு ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டதை அறிவித்த, கேயர்கனும் மற்றவர்களும் 2016-இல் பிளாஸ் ஒன் இதழில் எழுதிய கட்டுரை அது. மேற்கோள்கள் ஆயிரத்துக்கு மேல். எந்தத் தேடலுக்கும் ஸ்காலர் அதிகபட்சம் ஆயிரம் முடிவுகளைத்தான் காட்டும் என்பதால், மீதியைப் பார்க்கவே வழியில்லை. அதோடு அந்தப் பட்டியலில் மரபணு ஆய்வு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு, பொருளாதாரச் சேதம் என்று எல்லாமே இருக்கும்.

ஒரு கட்டுரையை மற்றவர்கள் எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் என்று யோசித்தால் இது புரியும். 'முதல் அறிக்கை' வகைக் கட்டுரையை எல்லோரும் முன்னுரையின் முதல் வரியில் காட்டுவார்கள். அந்த மேற்கோளை வைத்து, காட்டுகிறவர் எதைப் பற்றி எழுதுகிறார் என்று எதுவும் சொல்ல முடியாது. மாறாக, தார்வாட் கட்டுரையை ஒருவர் காட்டுகிறார் என்றால் அவர் பெரும்பாலும் பூஞ்சையைப் பற்றித்தான் பேசுவார். பெங்களூரிலிருந்து ஷைலேஷாவும் மற்றவர்களும் 2018-இல் எழுதிய இயற்கை எதிரிகள் பற்றிய கட்டுரை, வடகிழக்கு இந்தியாவில் படைப்புழுவின் இயற்கை இறப்பைக் கணக்கெடுத்த ஃபிராக்கே, பெஹரே இருவரின் 2020 கட்டுரை ஆகியவையும் இதே வகை. இந்த மூன்றையும் என் விதைக் கட்டுரைகளாக வைத்துக்கொண்டேன்.

பெரிய கட்டுரையை முழுக்கத் தள்ளிவிடவும் இல்லை. அதன் `Cited by` பக்கத்தில் தேடல் பெட்டிக்குக் கீழே `Search within citing articles` என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டு `rileyi` என்ற ஒரே சொல்லைப் போட்டேன். ஆயிரத்துச் சொச்சத்தை உட்கார்ந்து படிக்கக்கூடிய அளவுக்கு அது குறைத்துவிட்டது. இனப்பெயரை மட்டும் போட்டதால் பேரினம் பழையதா புதியதா என்ற சிக்கலும் இல்லை. இதை அலர்ட்டாக வைக்காமல், கையால் செய்யும் வேலையாக வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேற்கோள் பட்டியல் வழக்கமாகத் தேதிப்படி வராது. பலரும் மேற்கோள் காட்டிய பழையவை மேலே இருக்கும், போன மாதம் வந்தது கடைசிப் பக்கங்களில் கிடக்கும். முதல் மூன்று பக்கம் பார்த்துவிட்டு 'புதிதாக எதுவும் இல்லை' என்று நான் எழுதிவைத்த நாட்கள் உண்டு. இடது பக்கத்தில் ஆண்டைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உண்மை நிலவரம் தெரிந்தது.

`Related articles` வேறு மாதிரி வேலை செய்கிறது. அது மேற்கோள் சங்கிலியைப் பின்தொடர்வதில்லை. எந்தக் கட்டுரைகள் இதைப் போல இருக்கின்றன என்று பார்த்து அடுக்குகிறது. இதன் பயன் எனக்கு ஒரே ஒரு இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. தார்வாட் கட்டுரைக்கு இதை அழுத்தியபோது, கொலம்பியாவிலிருந்து கிரிஹல்பாவும் மற்றவர்களும் 2018-இல் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. அதே பூஞ்சையை உயிர்ப்பூச்சிக்கொல்லியாகத் தயாரித்து, அதன் நிலைப்புத்தன்மையையும் கண்ணாடிக்குடிலில் அதன் வீரியத்தையும் பார்த்திருந்தார்கள். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை, உலகின் இரு முனைகளில் எழுதப்பட்டவை. ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டியிருக்க வாய்ப்பு குறைவு. அதனால் ஒன்றின் `Cited by` வழியாக மற்றதற்குப் போய்ச் சேர்வது கடினம். சமகாலக் கட்டுரைகளை இணைக்க இந்த மூன்றாவது வழிதான் உதவுகிறது. விதைக் கட்டுரைகளுக்கு ஒரு தடவை, பிறகு புதிதாகக் கிடைக்கும் முக்கியமான ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை செய்தேன். முதல் முப்பது முடிவுகளுக்கு மேல் போனால் தொடர்பு தளர்ந்துவிடுகிறது, அங்கேயே நிறுத்திவிடுவேன்.

அந்தக் கொலம்பியக் கட்டுரை வழியாகத்தான் இன்னொரு கதவும் திறந்தது. தென் அமெரிக்கா இந்தப் புழுவின் பழைய வீடு. அங்கே ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இதை கூசானோ கோகோயேரோ என்கிறார்கள், பிரேசிலில் லகார்த்தா-டோ-கார்த்தூச்சோ. இரண்டுமே குருத்துப் புழு என்ற பொருளில் வரும் பெயர்கள். நம் ஊர் விவசாயி குருத்தைப் பிரித்துக் காட்டி "உள்ளே உக்காந்திருக்கு பாருங்க" என்று சொல்வதுதான் நினைவுக்கு வந்தது. பிரேசிலில் சோயாப் புழுக்களின் மேல் இந்தப் பூஞ்சையை வைத்து நிறைய வேலை நடந்திருக்கிறது. அந்த மொழிகளுக்கும் ஒரு தேடல் சேர்த்தேன்:

```
"gusano cogollero" OR "lagarta-do-cartucho" rileyi
```

சரி, இப்போது அலர்ட். முடிவுப் பக்கத்தின் இடது ஓரத்தில் உறைப் படத்தோடு `Create alert` இருக்கும். சாதாரணத் தேடல் முடிவில் இருந்து அழுத்தினால் அது சொல் அலர்ட். ஒரு கட்டுரையின் `Cited by` பக்கத்துக்குப் போய் அங்கிருந்து அழுத்தினால் அது மேற்கோள் அலர்ட். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், கட்டுரையின் தலைப்பைத் தேடிய பக்கத்திலேயே அழுத்திவிட்டால், அந்தத் தலைப்பின் சொற்களுக்குத்தான் அலர்ட் உருவாகும். அது பெரும்பாலும் எதையும் அனுப்பாது. என் தோழி ஒருத்திக்கு இப்படி நான்கு மாதம் ஒரு மடலும் வரவில்லை, யாரும் மேற்கோள் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மடலில் அதிகபட்சம் பத்து முடிவா இருபதா என்று கேட்கும் இடத்தில் இருபதைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று சொல் அலர்ட், மூன்று மேற்கோள் அலர்ட், மொத்தம் ஆறு. இதற்கு மேல் வைத்தால் நான் படிக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஆய்வாளரின் ஸ்காலர் பக்கத்தில் `Follow` அழுத்தி அவரது புதுக் கட்டுரைகளையும் பெறலாம். ஒரே பூஞ்சையில் பத்து ஆண்டாக வேலை செய்யும் ஒருவருக்கு அது சரி. பல புழு, பல பயிர் என்று எழுதுகிறவரைப் பின்தொடர்ந்தால் தொடர்பில்லாதவைதான் அதிகம் வரும்.

அலர்ட் வைத்த நாளுக்கு முந்தையதை அது அனுப்பாது. என் பழைய தேடல் நின்றது மார்ச்சில், அலர்ட் வைத்தது ஆகஸ்டில். நடுவில் இருந்த ஐந்து மாத இடைவெளியை நானேதான் அடைக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு தேடலையும் ஓட்டி `Sort by date` அழுத்தினேன். அது கடந்த ஓராண்டில் ஸ்காலரில் சேர்க்கப்பட்டவற்றை மட்டும், புதியது மேலே வரும்படி காட்டும். '12 நாள் முன்பு' என்று பக்கத்தில் எழுதியிருப்பது ஸ்காலர் அதைச் சேர்த்த நாள், இதழில் வெளிவந்த நாள் அல்ல. அதனால் மார்ச்சு வரை பின்னால் போனாலே இடைவெளி மூடிவிடும். தொடக்கத்தில் அது சுருக்கம் உள்ளவற்றை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் காட்டச் சொன்ன பிறகு இன்னும் சில வந்தன. ஓராண்டுக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால் இந்த வழி போதாது. ஆண்டு வரம்பு கொடுத்து முழுவதையும் பார்க்க வேண்டியதுதான்.

மடல்கள் வரத் தொடங்கியதும் அவை மற்ற மடல்களோடு கலந்து படிக்கப்படாமல் கிடந்தன. ஜிமெயிலில் ஒரு வடிகட்டி போட்டு, அனுப்புநர் முகவரியை வைத்துத் தனி லேபிளுக்கு அனுப்பினேன்:

```
from:(scholaralerts-noreply@google.com)
```

சனிக்கிழமை காலை அந்த லேபிளை மட்டும் திறப்பேன். அரை மணி நேரம் போதும். ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கு விவரங்கள் எழுதுவேன்: வந்த நாள், எந்த அலர்ட்டில் வந்தது, தலைப்பு, என்ன முடிவெடுத்தேன். 'வேண்டாம்' என்று விட்டவற்றையும் காரணத்தோடு எழுதுவேன். அதே கட்டுரை முன்வெளியீடாக ஒரு தடவையும், இதழில் வந்தபின் இன்னொரு தடவையும், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏறியபின் மூன்றாவது தடவையும் வரும். எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்துக்கொண்டிருப்போம்.

எந்த அலர்ட்டில் வந்தது என்ற விவரம் மூன்றாம் மாதத்தில் பயன்பட்டது. அகலமான தேடலில் இருந்து எழுபது கட்டுரைகள் வந்திருந்தன, எடுத்துக்கொண்டது நான்கு. ஷைலேஷா கட்டுரையின் மேற்கோள் அலர்ட்டில் முப்பதுக்கு ஏழு. முதல் பார்வைக்கு அகலமானதை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த நான்கில் இரண்டு வேறு எந்த அலர்ட்டிலும் வரவில்லை. அதனால் நிறுத்தவில்லை. வேறு எதிலும் வராத ஒன்றையாவது ஒரு அலர்ட் தருகிறதா என்பதைத்தான் இப்போது அளவுகோலாக வைத்திருக்கிறேன். தார்வாட் கட்டுரையின் அலர்ட் தந்தது எல்லாம் மற்றவற்றிலும் வந்ததால் அதை நிறுத்திவிட்டு, வடகிழக்கு ஆய்வை மேற்கோள் காட்டி வந்த ஒரு புது வயல் ஆய்வை அந்த இடத்தில் வைத்தேன்.

ஒரு கட்டுரை ஸ்காலரில் இரண்டு தனிப் பதிவுகளாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு. இந்தியாவில் படைப்புழுவை முதலில் அறிவித்த சரணபசப்பா குழுவின் 2018 கட்டுரையைத் தேடியபோது, முழுப் பதிவுக்குக் கீழே `[CITATION]` என்ற குறியோடு இன்னொன்று இருந்தது. யாரோ இதழின் பெயரையோ தலைப்பையோ சற்று மாற்றி எழுதியதால் அது தனியாக நிற்கிறது. அதற்கும் தனியாகச் சில மேற்கோள்கள். ஒன்றுக்கு வைத்த அலர்ட் மற்றதைப் பார்க்காது. விதைக் கட்டுரைகளுக்கு இப்படி இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

வந்ததையெல்லாம் எடுத்துக்கொள்ளவும் முடியாது. தரம் பார்க்காத இதழ்கள், மாணவர் அறிக்கைகள், மாநாட்டுச் சுருக்கங்கள் எல்லாம் ஒரே வரிசையில்தான் வருகின்றன. மேற்கோள் காட்டியது ஏற்பதற்கா மறுப்பதற்கா என்றும் அந்தப் பட்டியல் சொல்லாது. ஒரு கட்டுரையைத் திறந்து, `Ctrl+F` போட்டு விதைக் கட்டுரையின் ஆசிரியர் பெயரைத் தேடி, அந்த வரியைப் படித்தால்தான் தெரியும். எண்பது சதவீத வித்து வீரியம் கிடைத்தது என்று நான் எடுத்துக் காட்டியிருந்த ஒரு ஆய்வக முடிவை, ஆய்வகத்தில் இருந்த அளவு ஈரப்பதம் வயலில் இருப்பதில்லை என்று இன்னொருவர் கேள்வி கேட்டிருந்தார். அது மேற்கோள் அலர்ட்டில்தான் வந்தது. அத்தியாயத்தில் அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அலர்ட்டை நம்பாமல் கையால் ஓட்டுகிறேன். பெரிய கட்டுரையின் மேற்கோள்களுக்குள் `rileyi`, பிறகு மூன்று தேடல்களுக்கும் `Sort by date`. ஓட்டிய தேதியையும், அன்று போட்ட சொற்களையும் எக்செலின் இரண்டாவது தாளில் அப்படியே ஒட்டி வைக்கிறேன். ஸ்காலரின் முடிவுகள் நாளுக்கு நாள் மாறும், பின்னால் யாராவது கேட்டால் அன்று என்ன தேடினேன் என்று காட்ட இது ஒன்றுதான் ஆதாரம். போன தடவை ஓட்டியபோது அலர்ட்டில் வராத இரண்டு கிடைத்தன. ஒன்றில் பூஞ்சையின் பெயரை எழுத்துப்பிழையோடு `riley` என்று அச்சிட்டிருந்தார்கள். முதல் தேடலில் அதையும் சேர்த்து, பழைய அலர்ட்டை நீக்கிவிட்டுப் புதிதாக வைத்தேன், அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டேன். திருத்திய அத்தியாயத்தில் இப்போது தார்வாட் கட்டுரை மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே கொலம்பியா.